தீ வைத்துப் பார்த்தாலும் தெரியாது

கள்ளச்சாராயச் சாவு பற்றிய செய்தி வரும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்ற ஆரம்பிக்கும். சந்தேகமான சரக்கில் ஒரு கரண்டி எடுத்துப் பற்ற வைக்க வேண்டுமாம். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு, வேறு நிறத்தில் எரிந்தால் விஷம். இதை நம்பி எனக்கே அனுப்பிவைத்த உறவினர்கள் உண்டு. நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கள்ளச்சாராயத்தில் கலந்து ஆளைக் கொல்லும் மெத்தனால் என்ற தொழிற்சாலை ஆல்கஹால் எங்களுக்கு அன்றாடப் பொருள், பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில்களில் வரும். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

அந்தக் குறிப்பு ஆபத்தானது. மெத்தனாலே வெளிறிய நீலத்தில்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அதாவது வாட்ஸ்அப் சோதனையில் விஷம் முதல் மதிப்பெண்ணில் தேறிவிடும். நல்ல சரக்கில் இருக்கும் எத்தனாலும் நீலமாகத்தான் ஆரம்பிக்கும், அப்புறம் மஞ்சள் கலந்து எரியும். இரண்டும் கலந்து, கூடவே பாதிக்கு மேல் தண்ணீரும் இருக்கும் ஒரு திரவத்தில் சுடரின் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மற்ற வழிகளும் இப்படியே கைவிடும். மெத்தனால் நிறமற்றது, தண்ணீரில் முழுதாகக் கலந்துவிடும். வாசனை சற்றே இலேசானது என்று ஆய்வகத்தில் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொல்லலாம். விஸ்கியின் மணமும் கேரமல் நிறமும் சேர்ந்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. சாராய வியாபாரிகளில் சிலர் திரவமானியைப் போட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். அதுவும் ஏமாறும். 20 டிகிரி வெப்பத்தில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.792. மிதவை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது வாயு நிறப்பிரிகைக் கருவி. ஒரு துளியை ஆவியாக்கி நீண்ட மெல்லிய குழாய் வழியாக அனுப்பினால் மெத்தனால் முதலில் வெளியே வரும், எத்தனால் சற்றுப் பின்னால் வரும். சில நிமிட வேலைதான், ஆனால் அந்தக் கருவி எந்த வீட்டிலும் எந்த பாரிலும் கிடையாது.

ஆக, பாட்டிலைத் திறந்த பிறகு அதைச் சோதிக்க வாங்குபவருக்கு வழியில்லை. பாட்டில் கைக்கு வருவதற்கு முன்னால் அது எந்தெந்தக் கைகளைத் தாண்டி வந்தது என்பதுதான் அவர் பார்க்கக்கூடிய ஒரே விஷயம். 2012இல் செக் குடியரசில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டும். நம் ஊர்ச் சம்பவங்களைவிட அதை நான் முதலில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் லேபிளே இல்லாத பாக்கெட் சாராயம். அங்கே விற்றவற்றில் லேபிள் ஒட்டி, மூடி போட்டு, வரி முத்திரைப் பட்டையும் சுற்றிய பாட்டில்கள் இருந்தன.

அந்த ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில், நாட்டின் கிழக்கே மொராவியா–சிலேசியா பகுதியில், கண் தெரியவில்லை, மூச்சு வாங்குகிறது என்று ஆட்கள் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். சில நாட்களிலேயே சாவுகள் அடுத்தடுத்து வந்தன. வேறு மாவட்டங்களிலும் ஆட்கள் விழுந்தார்கள். அரசு முதலில் தெருக்கடைகளில் மது விற்கத் தடை போட்டது. அது போதவில்லை. செப்டம்பர் 14 அன்று, 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவையும் நாடு முழுக்க விற்கக் கூடாது என்று அறிவித்தது. கடை, பார், ஓட்டல், எதற்கும் விலக்கு இல்லை. குடிக்குப் பேர்போன ஒரு நாட்டில் ஒரே இரவில் ஓட்காவும் ரம்மும் அலமாரியை விட்டு இறங்கின. பக்கத்து நாடுகளான போலந்தும் ஸ்லோவாக்கியாவும் செக் சரக்கை உள்ளே விடவில்லை.

விசாரணையில் வெளிவந்தது இதுதான். கார் கண்ணாடி கழுவும் திரவத்துக்குப் பயன்படும் மெத்தனாலை, இரண்டு பேர் எத்தனாலுடன் கலந்து கள்ளச்சந்தைக்கு விற்றிருக்கிறார்கள். விகிதம் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. அவர்கள் கையால் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை. அவர்களிடம் வாங்கியவர், அவரிடம் வாங்கியவர் என்று பல கைகள் மாறி, பாட்டில்களிலும் பெரிய பிளாஸ்டிக் கேன்களிலும் அது தெருக்கடைகளுக்கும் பார்களுக்கும் போனது. இடையில் இருந்த பலருக்கு அது வரி கட்டாத சாதாரண ஸ்பிரிட் என்றுதான் தெரியும். இந்தச் சங்கிலியில் எந்தக் கை எதைக் கலந்தது என்பது அடுத்த கைக்குத் தெரியாது என்பதுதான் எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துகிற விஷயம். "எனக்குத் தெரிந்த ஆளு, நல்ல சரக்குதான் தருவார்" என்று நாம் சொல்லும்போது அந்த ஆளின் யோக்கியதைக்குத்தான் சான்று கொடுக்கிறோம். அவர் எங்கே வாங்கினார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கலந்த இருவருக்கும் 2014இல் ஸ்லின் நகர நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

கலப்படம் ஏன் செய்கிறார்கள் என்பதற்கான விடை வரியில் இருக்கிறது. அன்றைய செக் கணக்கில், ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு கலால் வரி 285 கிரவுன். அரை லிட்டர் ஓட்காவில் 40 சதவீதம் ஆல்கஹால் என்றால் தூய ஆல்கஹால் 200 மில்லி. அதற்கான கலால் வரி மட்டும் 57 கிரவுன். இதன்மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. ஸ்பிரிட், கண்ணாடி, மூடி, லாரி, கடைக்காரரின் லாபம், எதுவும் இன்னும் சேரவில்லை. ஆகவே அரை லிட்டர் ஓட்காவை ஒருவர் 60, 65 கிரவுனுக்குக் கொடுத்தால், வரி கட்டப்படவில்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வரி கட்டாத சரக்கு எல்லாமே விஷம் இல்லை. ஆனால் வரி கட்டாத சரக்கை எந்த ஆய்வகமும் பார்த்திருக்காது. அப்புறம், தொழிற்சாலை மெத்தனாலுக்கு மது வரி கிடையாது, விலையும் குறைவு. கள்ளச்சந்தையில் இருப்பவர் கொஞ்சம் பேராசைப்பட்டால் கை நேராக அதன் பக்கம்தான் போகும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ச்சும்போது முதலில் சொட்டுவதில் மெத்தனால் இருக்கும், அதைக் கொட்டிவிட்டால் சாராயம் சுத்தம் என்பார்கள். பழங்களில் இருக்கும் பெக்டின் புளிக்கும்போது கொஞ்சம் மெத்தனால் உண்டாவது உண்மை. ஐரோப்பாவில் பழச் சாராயங்களுக்குச் சட்டமே பொதுவாக ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 10 கிராம் வரை மெத்தனாலை அனுமதிக்கிறது. அந்த உச்ச அளவிலேகூட 40 சதவீத பாட்டிலில் ஒரு 60 மில்லி பெக்கில் கால் கிராம்தான் வரும். வெல்லத்தையும் சர்க்கரையையும் புளிக்க வைத்தால் இன்னும் குறைவு, ஏனென்றால் அவற்றில் பெக்டினே இல்லை. ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயத்தில் வேறு கேடுகள் உண்டு. ஆனால் ஒரே நாளில் ஒரு தெருவே விழும் சாவுகள் அடுப்பிலிருந்து வருவதில்லை, தொழிற்சாலை பேரலிலிருந்து வருகின்றன. 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட் பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அவர்கள் குடித்தது ரசாயன நிறுவனத்திலிருந்து வெளியே போன மெத்தனாலில் தண்ணீர் கலந்தது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 65க்கும் மேற்பட்ட உயிர்கள்.

சரி, அந்தப் பேரலில் இருப்பது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

மெத்தனால் உள்ளே போன மாதிரியே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. லேசான போதை தரும், எத்தனாலைவிடக் குறைவாகவே. ஆபத்து கல்லீரலில் ஆரம்பிக்கிறது. மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்று அங்கே இருக்கிறது. எத்தனால் வந்தால் அதை அசிடால்டிஹைடாகவும், அப்புறம் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகவும் மாற்ற உதவும். உடம்பு அதை எரித்துத் தீர்த்துவிடும். அதே நொதிக்கு மெத்தனால் கிடைத்தால் அதே வேலையைத்தான் செய்கிறது. மெத்தனால் முதலில் பார்மால்டிஹைடாகிறது, சில நிமிடங்களிலேயே அது பார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலத்தை மனித உடம்பு மிக மெதுவாகத்தான் அகற்றும். அதனால் தேங்குகிறது.

தேங்கும் பார்மிக் அமிலம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இரத்தத்தை அமிலமாக்குகிறது. அதை ஈடுகட்ட உடம்பு வேகவேகமாக மூச்சு விடும். நோயாளி ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பது இதனால்தான். இரண்டாவது, செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கும் கடைசிப் படியை அது அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் பட்டினி கிடக்கும். அதிகச் சக்தி தேவைப்படும் இடங்கள் முதலில் அடி வாங்கும். அவற்றில் முதன்மையானது பார்வை நரம்பு. பனி கொட்டுவது போல, வெள்ளை வெளேரென்று தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். அப்புறம் இருட்டும். மூளையின் ஆழத்தில் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதியும் இப்படியே சேதமாகும். பிழைத்தவர்களில் சிலருக்குக் கை நடுக்கமும் இறுக்கமும் நிலைத்துவிடுவது அதனால்தான்.

ஆளைக் கொல்வது இந்த அமிலம் மட்டுமல்ல, அது வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும்கூட. செக் கலவையையே கணக்காக எடுத்துக்கொள்வோம். 40 சதவீத பாட்டில், அதில் பாதி எத்தனால், பாதி மெத்தனால். ஒருவர் இரவு பத்து மணிக்குள் 60 மில்லி பெக் நான்கு குடிக்கிறார். மொத்தம் 240 மில்லி. அதில் எத்தனால் 48 மில்லி, மெத்தனால் 48 மில்லி. பத்து மில்லி தூய மெத்தனாலே கண்ணைக் கெடுக்கக்கூடும், முப்பது மில்லி உயிரை எடுக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்களில் இருக்கும் கணக்கு. ஆளுக்கு ஆள் நிறைய மாறும், ஆனால் 48 மில்லி எந்த வகையில் பார்த்தாலும் அதிகம்.

ஆனாலும் அன்று இரவு அவருக்கு ஒன்றும் ஆகாது. நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பத்து மடங்குக்கு மேல் பிடிப்பு. எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலை அது பெரும்பாலும் தொடாது. 48 மில்லி எத்தனால் என்பது சுமார் 38 கிராம். மணிக்கு ஏழெட்டு கிராம் என்று கல்லீரல் அதை எரித்து முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை மூன்று மணிவாக்கில் எத்தனால் தீர்ந்த பிறகுதான் மெத்தனாலின் முறை. காலையில் எழும்போது கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் குமட்டல். வழக்கமான ஹேங்ஓவர் என்று நினைத்துக்கொள்வார். அதற்குள் அமிலம் சேர ஆரம்பித்திருக்கும். மதியமோ மாலையோ வயிற்று வலியும் வாந்தியும், கண் மங்கலும், பெருமூச்சும் வரும். குடித்து 12 மணி நேரம், 24 மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். தலைவலிக்கு என்று காலையில் மறுபடி நல்ல மது குடித்தவருக்கு இது இன்னும் தள்ளிப்போகும்.

இந்த இடைவெளியால் இரண்டு கேடு. குடித்தவர் தனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே படுத்திருப்பார். அதே நேரம் விற்பவரும், "நேத்து இத்தனை பேர் குடிச்சாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று மனசாரச் சொல்லி மிச்சத்தை விற்றுக்கொண்டிருப்பார். முந்தின நாள் குடித்தவர் உயிரோடு இருப்பது அந்தச் சரக்குக்குச் சான்று இல்லை. கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகளுக்கு வேறு காரணம் சொல்லப்பட்டபோது, இழவு வீட்டுக்கு வந்தவர்களே அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. அதைப் படித்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை, ஒரே ஒரு எச்சரிக்கை அந்தத் தெருவுக்குச் சில மணி நேரம் முன்னால் போயிருக்க வேண்டும்.

வாங்குபவர் பக்கத்துக்கு வருகிறேன். குடிக்காதே என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்வது எளிது. ஆனால் குடிப்பவர்கள் குடிக்கத்தான் போகிறார்கள், அவர்கள் உயிரும் உயிர்தான்.

உரிமம் உள்ள கடையில், கடை திறந்திருக்கும் நேரத்தில், மூடி உடையாத பாட்டிலாக வாங்குவது என்பதுதான் முதலும் பெரியதுமான பாதுகாப்பு. அந்தச் சங்கிலியில் ஆலை, கலால் துறை, கிடங்கு, கடை என்று எல்லோரும் பதிவேட்டில் இருக்கிறார்கள். தவறு நடந்தால் எந்தத் தொகுதி என்று தேடிப் பிடித்து நிறுத்தலாம். செக் அரசும் தடையை அப்படித்தான் விலக்கியது. செப்டம்பர் கடைசியில், 2011 முடிவதற்குள் தயாரான பாட்டில்களை விற்கலாம் என்றது. அதற்குப் பின் தயாரானவற்றுக்கு எங்கே தயாரானது, யார் கையைத் தாண்டி வந்தது என்று சொல்லும் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமானது. சான்று இல்லாத பாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்குத் திரும்பவில்லை.

நம் ஊரில் இந்தச் சங்கிலி அறுவது எங்கே என்று குடிப்பவர்களுக்கே தெரியும். கடை மூடிய பிறகு பிளாக்கில் விற்பது, காந்தி ஜெயந்தி அன்று சந்தில் கிடைப்பது, 'பாண்டி சரக்கு', 'மிலிட்டரி சரக்கு', 'டூட்டி ப்ரீ' என்று பெயர் சொல்லிப் பாதி விலைக்கு வருவது. இவற்றில் பெரும்பாலானவை மலிவு ஸ்பிரிட்டை விலை உயர்ந்த பாட்டிலில் நிரப்பியவையாகவே இருக்கலாம், காசு மட்டும்தான் போகும். ஆனால் எது அப்படி, எது மரக்காணம் மாதிரி என்று வாங்கும் இடத்தில் நின்று யாரும் சொல்ல முடியாது. உண்மையான ராணுவ கேன்டீன் பாட்டில் உரியவர்களுக்கு மட்டுமே விற்கப்படுவது. முன்பின் தெரியாத ஒருவர் பைக்கில் கொண்டுவந்து பெட்டி பெட்டியாகத் தருகிறார் என்றால் அது கேன்டீனிலிருந்து வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைப் பார்ப்பது அடுத்தபடி. மூடியைத் திருகும்போது வளையம் சொடுக்கென்று அறுபட வேண்டும். ஏற்கெனவே தளர்ந்திருந்தாலோ, வளையம் மூடியோடு சேர்ந்தே சுழன்றாலோ, குடிக்க வேண்டாம். ஒரே பெட்டியில் இருக்கும் பாட்டில்களில் திரவத்தின் மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும், ஏனென்றால் ஆலையில் இயந்திரம் நிரப்புகிறது. கையால் நிரப்பியது ஏறியும் இறங்கியும் இருக்கும். லேபிள் கோணலாக ஒட்டியிருப்பது, எழுத்துப்பிழை, தொகுதி எண் இல்லாமல் இருப்பது அல்லது நகத்தால் சுரண்டினால் போய்விடுவது, ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழிந்து மறுபடி ஒட்டியது போல இருப்பது, அடியில் தூசி, எல்லாம் மோசமான அறிகுறி. இவை எதுவும் இல்லை என்பதால் பாட்டில் நல்லது என்று ஆகிவிடாது. அசல் காலிப் பாட்டிலும் அசல் லேபிளும் கிடைத்தால் போலிக்காரரின் பாதி வேலை முடிந்துவிடும். விலை உயர்ந்த பாட்டிலை எடைக்குப் போடுவதற்கு முன்னால் லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கிப் போடுங்கள். ஐந்து வினாடி வேலை.

வெளிநாட்டுப் பயணம் இன்னொரு கதை. என் அக்கா மகன் நண்பர்களோடு லாவோஸ் கிளம்பியபோது, "மாமா, நாங்க பார்லதான் குடிப்போம், பிரச்சினை இல்லல்ல?" என்று கேட்டான். 2024 நவம்பரில் அதே நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரிட்டன், அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்த ஆறு பேர் மெத்தனாலால் இறந்தார்கள். அவர்களில் 19 வயதுப் பெண்கள் இருவர். தங்கும் விடுதியில் இலவசமாகத் தந்த சிறு கோப்பை மதுதான் சந்தேகத்துக்கு உள்ளானது. பாட்டிலையே பார்க்காதவருக்கு மூடி, லேபிள், மட்டம் என்று நான் மேலே சொன்ன எதுவும் உதவாது. அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இலவச ஷாட் வேண்டாம். வாளியில் கலக்கிப் பலர் உறிஞ்சும் காக்டெயில் வேண்டாம். உள்ளூரில் காய்ச்சியது வேண்டாம். பீர் குடி, டின்னாக வாங்கி நீயே திற. பீரில் ஆல்கஹால் ஐந்து சதவீதம்தான், ஆலையில் அடைத்து வருவது, அதைத் திறந்து மெத்தனால் கலந்து மறுபடி மூடுவதில் யாருக்கும் லாபமில்லை. மெத்தனால் தேடிப் போவது ஓட்கா, ஜின், ரம், விஸ்கி மாதிரியான கடுமையான சரக்கைத்தான்.

கடைசியாக, குடித்தாகிவிட்டது, சந்தேகம் வந்துவிட்டது என்றால்.

தூங்கிச் சரியாக்க முயலக் கூடாது. குடித்த மறுநாள் கண் மங்கினால், வெளிச்சம் கூசினால், காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், வயிறு கடுமையாக வலித்தால் உடனே 108ஐ அழையுங்கள். டயாலிசிஸ் வசதி இருக்கும் மருத்துவமனைக்குப் போவது நல்லது. வாசலிலேயே "மெத்தனாலாக இருக்கலாம்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், எப்போது குடித்தார், எவ்வளவு, எங்கே வாங்கியது என்பதையும். சட்டப் பயத்தில் பலர் குடித்ததையே மறைக்கிறார்கள். மறைத்தால் மருத்துவர் வயிற்றுப்போக்கு என்றோ அல்சர் என்றோ சிகிச்சை ஆரம்பிப்பார், அதில் போகும் மணி நேரங்கள் பார்வை நரம்பிலிருந்து போகின்றன. மிச்சம் இருந்தால் பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துப் போங்கள், ஆய்வகம் அதைப் பார்த்துச் சொல்லிவிடும்.

அங்கே அவர்கள் செய்வது, நான் மேலே சொன்ன நொதியின் பலவீனத்தைத் திருப்பிப் பயன்படுத்துவதுதான். நொதியை அடைத்துவிட்டால் மெத்தனால் அமிலமாக மாறாது. அதற்கு போமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. அது இல்லாதபோது மருத்துவ எத்தனாலையே இரத்த அளவைக் கவனித்துக்கொண்டு கொடுப்பார்கள், அதுவும் வேலை செய்யும். அமிலத்துக்கு சோடியம் பைகார்பனேட், பார்மிக் அமிலத்தை உடம்பு எரிக்க உதவுவதற்கு போலினிக் அமிலம், மெத்தனாலையும் அமிலத்தையும் இரத்தத்திலிருந்தே எடுக்க டயாலிசிஸ். எத்தனால் மருந்து என்று சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இன்னொரு பாட்டில் வாங்கிக் கொடுப்பது சிகிச்சை ஆகாது. அது நேரத்தைத் தள்ளிப்போடும், மெத்தனால் உள்ளேயே இருக்கும், அந்த இன்னொரு பாட்டிலும் அதே சங்கிலியிலிருந்து வந்ததாக இருந்தால் முடிந்தது.

செக் நாட்டில் 2012 செப்டம்பரிலிருந்து ஆண்டு இறுதிவரை மருத்துவமனையில் சேர்ந்த 101 பேரைப் பற்றி அங்குள்ள நச்சியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 80 பேர் பிழைத்தார்கள். அவர்களில் 20 பேருக்குப் பார்வையிலோ மூளையிலோ பாதிப்பு தங்கிவிட்டது. மருத்துவமனைக்கு வராமலேயே இறந்தவர்கள் 20 பேர். வந்து சேர்ந்தபோது இரத்தம் எவ்வளவு அமிலமாகியிருந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் யார் பிழைப்பார் என்பது அமைந்தது. அதாவது எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதைப் பொறுத்து. அதனால் ஒருவர் விழுந்தவுடன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. அந்தப் பாட்டிலில் குடித்த மற்றவர்கள் யார் யார் என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். "எனக்கு ஒண்ணும் பண்ணலை" என்று சொல்பவரையும் எழுப்பி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஒன்றும் பண்ணாத அந்த நேரத்தில்தான் மருந்து முழுதாக வேலை செய்யும்.